பதினெட்டு எண்களும் ஒரு வாக்கியமும்

கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வகைப் பத்தி இருக்கிறது. அதற்கு மாதிரியாக ஒன்றை நானே கட்டித் தருகிறேன். இதிலுள்ள எண்கள் எல்லாம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியிட்டவை. ஒன்றுகூடக் கற்பனை இல்லை.

"2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7,21,47,030 ஆகும். இதில் ஆண்கள் 3,61,37,975, பெண்கள் 3,60,09,055. 2001இல் 1000 ஆண்களுக்கு 987 பெண்கள் என்றிருந்த பாலின விகிதம் 2011இல் 996 ஆக உயர்ந்துள்ளது. எழுத்தறிவு பெற்றோர் 80.09 சதவீதம்; ஆண்களில் 86.77, பெண்களில் 73.44. 0-6 வயதுக் குழந்தைகள் 74,23,832 பேரில் ஆண் குழந்தைகள் 38,20,276, பெண் குழந்தைகள் 36,03,556 என்ற நிலையில், குழந்தைப் பாலின விகிதம் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943 ஆக உள்ளதும், சேலம் மாவட்டத்தில் 2001இல் 851 ஆக இருந்தது 916 ஆகவும், கடலூர் மாவட்டத்தில் 957 ஆக இருந்தது 896 ஆகவும் மாறியுள்ளதும் கவனிக்கத்தக்கது. மாவட்டங்களுக்கிடையே வேறுபட்ட போக்கு நிலவுவதை இவை காட்டுகின்றன."

ஆண்டுகளையும் அடிப்படையான ஆயிரத்தையும் வயது வரம்பையும் விட்டுவிட்டாலும் இதில் 18 எண்கள் இருக்கின்றன. பிழை என்று எதையும் சுட்ட முடியாது. இதை எழுதியவர் உழைத்திருக்கிறார். அட்டவணைகளைத் தேடியெடுத்து, சரிபார்த்து, வரிசையாக வைத்திருக்கிறார். ஆயினும் படித்து முடித்த பத்துப் பேரிடம் இந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று கேட்டால், பாதிப் பேர் தமிழ்நாட்டில் பெண்கள் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது என்பார்கள். மற்றவர்கள் எழுத்தறிவைப் பற்றி ஏதோ சொன்னதாக நினைவுகூர்வார்கள். சேலமும் கடலூரும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பத்தி எழுதப்பட்டதோ அந்த இரண்டு ஊர்களுக்காக.

இதைத் திருத்த உட்காருகிறவர் முதலில் எண்களைக் குறைக்கத்தான் கை நீட்டுவார். அது அவசரம். எதைக் குறைப்பது என்பது பத்தி என்ன சொல்ல வருகிறது என்று தெரிந்த பிறகுதான் தெரியும். ஆகவே ஒரு வெற்றுத் தாளை எடுத்து, ஒரு எண்கூட இல்லாமல், பத்தியின் செய்தியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். மேலே உள்ள பத்தியின் கடைசி வரி அப்படி ஒரு வாக்கியம்போல் தோற்றமளிக்கிறது. 'வேறுபட்ட போக்கு நிலவுகிறது' என்றால் என்ன? மழையளவிலும் மாவட்டங்களுக்கிடையே வேறுபட்ட போக்குதான் நிலவுகிறது. எண்கள் நிறைந்த பத்திகளின் முடிவில் இப்படி ஒரு வழுக்கலான வாக்கியம் வருவது தற்செயல் அல்ல. எழுதுகிறவர் முடிவுக்கு வரும் வேலையை எண்களிடம் ஒப்படைத்துவிட்டார். எண்கள் அதைச் செய்யாது.

அழுத்திக் கேட்டால் அந்த வாக்கியம் இப்படி வெளிவரும்: மாநிலச் சராசரி பத்தாண்டில் அசையவே இல்லை, ஆனால் அந்தச் சராசரிக்குள்ளே சில மாவட்டங்கள் மேலேறின, சில கீழிறங்கின. இதில் ஒரு எண்ணும் இல்லை. ஆனாலும் மறுக்கக்கூடிய, சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. இது கிடைத்த பிறகு ஒவ்வொரு எண்ணையும் நிறுத்திக் கேட்கலாம்: உன்னை எடுத்துவிட்டால் இந்தக் கூற்றுக்கு என்ன நட்டம்?

மொத்த மக்கள்தொகையிடம் பதில் இல்லை. அது போகலாம். அதோடு ஆண் எண்ணிக்கையும் பெண் எண்ணிக்கையும் போகலாம். எழுத்தறிவு மூன்று எண்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறது; பெண் கல்விக்கும் பெண் குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவைப் பற்றி ஆசிரியருக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அது வேறு பத்தி. இங்கே அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகளின் மொத்த எண்ணிக்கையும் அதன் பிரிவும் விகிதத்துக்கு மூலப்பொருள்; விகிதத்தைக் கொடுத்த பிறகு மூலப்பொருளையும் பரிமாற வேண்டியதில்லை.

987, 996 என்ற இரண்டு எண்களிடம் சற்று நிற்க வேண்டும். மற்றவை வெறும் நெரிசல்; இவை தீங்கு செய்பவை. மொத்தப் பாலின விகிதத்தில் எல்லா வயதினரும் அடக்கம். பெண்கள் கூடுதல் காலம் வாழ்ந்தாலும் அது உயரும். ஆண்கள் வேலை தேடி வெளியே போனாலும் உயரும். பிறக்கும் குழந்தைகளில் பெண்கள் குறைந்துகொண்டிருக்கும்போதே மொத்த விகிதம் உயர முடியும். இரண்டுமே ஆயிரத்துக்கு இத்தனை என்ற ஒரே அளவில் சொல்லப்படுவதால், 996ஐப் படித்த வாசகர் நான்கு வரி தள்ளி 943ஐப் பார்க்கும்போது இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துவிடுகிறார். முதலில் வந்த நல்ல செய்தி பின்னால் வருவதை மூழ்கடித்துவிடும். இந்த இரண்டையும் நீக்குவது சுருக்கத்துக்காக அல்ல, வாசகர் வழி தவறாமல் இருப்பதற்காக.

1991இன் 948 கொஞ்சம் வாதாடும். மூன்று கணக்கெடுப்புகளைக் காட்டினால் நீண்ட போக்கு தெரியுமே என்று கேட்கும். நியாயம்தான். ஆனால் நம் கூற்று 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட பத்தாண்டைப் பற்றியது. பத்தியில் மாவட்ட எண்களும் அந்த இரண்டு ஆண்டுகளுக்குத்தான் இருக்கின்றன. மாநிலத்துக்கு மூன்று புள்ளி, மாவட்டத்துக்கு இரண்டு புள்ளி என்று கொடுத்தால் வாசகர் எதை எதோடு ஒப்பிடுவது என்று திகைப்பார். அதுவும் போகட்டும்.

மிஞ்சியவை ஆறு: 942, 943, 851, 916, 957, 896. பன்னிரண்டு எண்கள் போய்விட்டன. இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பத்தியின் உண்மையான குறை எண்கள் அதிகம் இருந்தது மட்டுமல்ல. இருந்தே ஆக வேண்டிய ஓர் எண் அதில் இல்லை.

943 என்று படித்ததும் வாசகர் மனத்தில் என்ன நடக்கிறது? ஆயிரத்துக்கு 57 குறைகிறது என்று கழித்துப் பார்க்கிறார். ஆயிரம்தான் சரியான அளவு, அங்கே போய்ச் சேராததெல்லாம் இழப்பு என்று எடுத்துக்கொள்கிறார். இயற்கை அப்படி இல்லை. யாரும் குறுக்கிடாத இடங்களில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. இதை நம் நாட்டுக் கணக்கின் திசைக்குத் திருப்பினால் 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள். ஆண் சிசுக்களின் இறப்பு இயல்பாகவே சற்றுக் கூடுதல் என்பதால், ஏழு வயதுக்குள் அது இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். ஆக, 943 என்ற மாநிலச் சராசரி இயல்பான அளவை ஒட்டியே இருக்கிறது. சேலத்தின் 851 அதிலிருந்து நூறு குறைவு. கடலூரின் 957 இயல்பான நிலை. 896 இயல்பு பிறழ்ந்த நிலை. 950 என்ற ஒற்றை எண் வந்ததும் மற்ற ஆறும் திடீரென்று பேசத் தொடங்குகின்றன. அது இல்லாதவரை அவை வெறும் மூவிலக்க எண்கள்.

இந்த ஒப்பளவைக் கொடுக்கும் கலையை நன்றாக அறிந்தவர் தாதாபாய் நவ்ரோஜி. 1870களில் அவர் பிரிட்டிஷ் அரசின் ஆவணங்களையே எடுத்து, மாகாணம் மாகாணமாக விளைச்சலைக் கணக்கிட்டு, ஓர் இந்தியருக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் என்ற முடிவுக்கு வந்தார். அட்டவணைகள் பக்கம் பக்கமாகப் போகும் எழுத்து அது. ஆனால் 20 ரூபாய் அதிகமா, குறைவா? லண்டனில் இருக்கும் ஒருவருக்கு அது எப்படித் தெரியும்? நவ்ரோஜி அதன் பக்கத்திலேயே இன்னொரு தொகையை வைத்தார்: சிறையில் இருக்கும் ஒரு கைதியின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் அரசே செலவிடும் தொகை. கைதிக்கு ஆகும் செலவுகூட வெளியே உழைக்கும் குடிமகனுக்குக் கிடைக்கவில்லை. அதன் பிறகு 20 ரூபாயை விளக்க ஒரு பெயரடைகூடத் தேவைப்படவில்லை. அந்த ஒப்பீட்டை அவர் பத்தோடு பதினொன்றாக எங்கோ வைத்திருந்தால் அது காணாமல் போயிருக்கும்.

ஒப்பளவைத் தேடும்போது திசையையும் பார்க்க வேண்டும். உலக அளவிலான ஆய்வுகள் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று எண்ணுகின்றன; அங்கே எண் உயர்ந்தால் நிலை மோசம். நம் கணக்கெடுப்பு 1000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று எண்ணுகிறது. இங்கே எண் குறைந்தால் மோசம். ஒரே பத்தியில் 105ஐயும் 943ஐயும் அப்படியே வைக்கும் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். வாசகர் ஒரு வரியில் ஏற்றத்தை வருத்தத்தோடும், அடுத்த வரியில் ஏற்றத்தை மகிழ்ச்சியோடும் படிக்க வேண்டும். மாற்றுகிற கணக்கை எழுதுகிறவர் தன் மேசையில் முடித்துவிட்டு, பத்திக்குள் ஒரே திசையை மட்டும் அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். விகிதம் வறண்டது, அதைத் தலைக்கணக்காக மாற்றினால் வாசகர் அதிர்வாரே என்று தோன்றும். இதற்குப் பெரிய முன்னுதாரணமும் உண்டு. அமர்த்தியா சென் 1990இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்களைக் காணவில்லை என்பதுதான். விகிதங்களைப் பற்றிய ஒரு வாதத்தை அவர் ஒற்றைத் தலைக்கணக்காக மாற்றினார். முப்பத்தைந்து ஆண்டுகளாக அது நினைவில் நிற்கிறது. அடுத்த ஆண்டே மக்கள்தொகையியலாளர் ஆன்ஸ்லி கோல் வேறோர் ஒப்பளவைக் கொண்டு கணக்கிட்டு ஏறத்தாழ ஆறு கோடி என்றார். இயல்பான விகிதம் எது என்று எடுத்துக்கொள்கிறோமோ, அதைப் பொறுத்துக் கோடிகள் மாறுகின்றன. சென்னின் வாதம் அதனால் சாயவில்லை. ஆறு கோடியும் பேரிழப்புதான்.

நம் எண்களில் இதைச் செய்து பார்ப்போம். தமிழ்நாட்டில் 2011இல் ஆண் குழந்தைகள் 38 லட்சத்துச் சொச்சம். இயல்பு 950 என்று கொண்டால் மாநிலத்தில் குறையும் பெண் குழந்தைகள் சுமார் 26,000. 952 என்று கொண்டால் 33,000. 960 என்று கொண்டால் 64,000. ஒப்பளவு ஆயிரத்துக்குப் பத்து நகர்ந்ததும் இழப்பு இரண்டரை மடங்காகிவிட்டது. சராசரி இயல்புக்கு மிக அருகில் இருப்பதால் வரும் விளைவு இது. இப்படித் தொட்டால் ஆடும் எண்ணைப் பத்தியின் நடுவே நிறுத்தக் கூடாது. சேலத்தின் 851 அப்படி ஆடாது. இயல்பு 950 என்றாலும் 960 என்றாலும் பள்ளம் நூறை ஒட்டியே இருக்கும், தீர்ப்பு மாறாது. எந்த எண்ணை நம்பிப் பத்தியைக் கட்டலாம் என்பதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை: அனுமானத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், முடிவு நிற்கிறதா என்று கவனியுங்கள்.

இனி வாக்கியங்களின் அமைப்பு. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். மாதிரிப் பத்தியின் நீளமான வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். 74 லட்சத்தில் தொடங்கி, பத்து எண்களைக் கடந்து, 'கவனிக்கத்தக்கது' என்ற சொல்லில் இறங்குகிறது. அதுவரை வாசகர் பத்து எண்களையும் எதற்கென்று தெரியாமல் சுமக்க வேண்டும். சுமந்து வந்தவருக்குக் கிடைப்பது கவனிக்கத்தக்கது என்ற அறிவிப்பு மட்டும். ஒரு வினைக்கு முன்னால் இரண்டு எண்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு. இரண்டு எண்கள், நடுவில் ஒரு நகர்வு, உடனே வினை: 851இலிருந்து 916க்கு உயர்ந்தது. அடுத்த வாக்கியத்தில் அடுத்த ஜோடி.

வாய்விட்டுப் படிப்பதும் உதவும். கண் 7,21,47,030ஐ ஒரே தாவலில் கடந்துவிடும். வாய்க்கு அது ஏழு கோடியே இருபத்தொரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முப்பது. மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டால் போதும், எங்கே முழுமைப்படுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். கடைசி முப்பது பேரால் எந்த வாதமும் மாறப்போவதில்லை. மறுபக்கம், 851ஐ 'எண்ணூற்றுச் சொச்சம்' என்று கரைத்துவிடவும் கூடாது. அங்கே ஐம்பது, அறுபது புள்ளி நகர்வுதான் செய்தி. மூன்று இலக்கமும் வேலை செய்கிறது.

ஆண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001, 2011 என்று எழுதும்போது அவை கணக்கெடுத்த ஆண்டுகள். 0-6 வயது என்றால் ஏழு வயது நிரம்பாதவர்கள். 2001 மார்ச் முதல் தேதியில் எண்ணப்பட்ட அந்தக் குழந்தைகள் 1994க்கும் 2001க்கும் இடையில் பிறந்தவர்கள். 2011இல் எண்ணப்பட்டவர்கள் 2004க்கும் 2011க்கும் இடையில் பிறந்தவர்கள். இது தெரியாமல் எழுதினால் காரணம் சொல்லும் இடத்தில் கால் இடறும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. 851 என்ற எண் அதற்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது, 916 பிந்தைய நிலையைக் காட்டுகிறது என்று எழுதத் தோன்றும். இரண்டுமே திட்டம் வந்த பிறகு பிறந்த குழந்தைகளின் கணக்கு. திட்டம் பலன் தரவில்லை என்று இதிலிருந்து நான் சொல்லவில்லை. இந்த இரண்டு எண்களும் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது என்கிறேன். பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, 2003இல் திருத்தப்பட்டது. அந்தத் தேதிகளை மேற்கண்ட பிறப்பு ஆண்டுகளோடு பொருத்திப் பார்த்தால் ஏதாவது பேச இடமுண்டு. அப்போதும் இன்னொரு தடை இருக்கிறது. ஸ்கேன் செய்து கருவிலேயே அழித்ததும், பிறந்த பிறகு கவனிப்பாரின்றி இறந்ததும் இந்த ஒரே விகிதத்துக்குள் கலந்து கிடக்கின்றன. கடலூரில் ஏன் சரிந்தது என்பதற்கு இந்த எண்களுக்குள்ளே விடை இல்லை. பத்தி அந்தக் கேள்வியைத் திறந்து வைக்கலாம், மூடக் கூடாது.

எண்ணின் பிறப்பிடத்தையும் விசாரிக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்த சில வாரங்களில் தற்காலிக எண்கள் வரும். இறுதி எண்கள் வர ஆண்டுகள் ஆகும். 2011க்கான தமிழ்நாட்டின் தற்காலிகக் குழந்தைப் பாலின விகிதம் 946. இறுதியில் அது 943 ஆனது. 942ஐயும் 946ஐயும் வைத்துக்கொண்டு நிலைமை தேறுகிறது என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்றத்தில் நான்கில் ஒரு பங்குதான் இறுதியில் மிஞ்சியது. மூன்று புள்ளி மாற்றத்தில் கவிழ்ந்துவிடும் வாதத்தை நான்கு புள்ளியின் மீது கட்டியிருக்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகு, பத்தியை நான் இப்படி எழுதுவேன்:

"தமிழ்நாட்டின் குழந்தைப் பாலின விகிதம் 2001க்கும் 2011க்கும் இடையில் அசையவில்லை என்பது சராசரியைப் பார்ப்பவருக்கு மட்டுமே உண்மை. யாரும் குறுக்கிடாவிட்டால் 1000 ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகள் இருப்பார்கள். மாநிலம் அதை ஒட்டியே நின்றது: 942, பத்தாண்டு கழித்து 943. அந்த அமைதிக்குள் சேலம் மாவட்டம் 851இலிருந்து 916க்கு ஏறியது. இன்னும் இயல்பை எட்டவில்லை, ஆனால் பள்ளத்தில் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது. அதே ஆண்டுகளில், இயல்பாக இருந்த கடலூர் மாவட்டம் 957இலிருந்து 896க்கு இறங்கியது. இவை பெரிதாக நகர்ந்த இரண்டு மாவட்டங்கள். எல்லா மாவட்டங்களும் இப்படி இல்லை. ஆனால் பெண் சிசுக்கொலை என்றதும் சேலம், தருமபுரி, உசிலம்பட்டி என்று மேற்கையும் தெற்கையும் மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கிழக்குக் கரையோர மாவட்டம் ஒன்றின் சரிவு தப்பிவிடக்கூடும்."

ஆண்டுகளையும் ஆயிரத்தையும் விட்டால் ஏழு எண்கள். பதினெட்டு ஏழானது, சொற்கள் குறைந்துவிடவில்லை. எண்கள் விட்டுப்போன இடத்தில் 'ஏறியது', 'இறங்கியது', 'இன்னும் எட்டவில்லை' என்ற தீர்ப்புகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைச் சொல்லும் பொறுப்பை எழுதுகிறவர் ஏற்றிருக்கிறார். தவறென்றால் வாசகர் அவரை மறுக்கலாம். மாதிரிப் பத்தியை மறுக்கவே முடியாது, ஏனென்றால் அது எதையும் சொல்லவில்லை.

'இவை பெரிதாக நகர்ந்த இரண்டு மாவட்டங்கள்' என்ற வரியை வெட்டிவிட வேண்டும் என்று சிலர் சொல்லலாம். வேகத்தைக் குறைக்கிறதே என்பார்கள். நான் வெட்ட மாட்டேன். 2011இல் மாவட்டங்கள் 32. அவற்றில் இரண்டைப் பொறுக்கியெடுத்தது நான். எப்படிப் பொறுக்கினேன் என்று சொல்லாவிட்டால், எண்களைக் குறைப்பது விரும்பிய எண்களை மட்டும் காட்டுவதாகிவிடும். நெரிசலான பத்தியிலாவது வாசகர் தேடியெடுக்க வாய்ப்புண்டு. சுத்தமான பத்தியில் எழுதுகிறவர் காட்டியதுதான் உலகம். திருத்தும் வேலையில் இருக்கும் உண்மையான அபாயம் இதுதான், வறட்சி அல்ல.

அதனால்தான் நீக்கியவற்றை எறிந்துவிடாமல் ஓர் அட்டவணையில் வைக்க வேண்டும் என்கிறேன். 32 மாவட்டங்களும் அதில் இருக்கட்டும். அட்டவணை எழுதுவதற்கும் இலக்கணம் உண்டு. ஆண்ட்ரூ எரன்பெர்க் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1970களில் இதைப் பற்றி நிறைய எழுதினார்: எண்களை முழுமைப்படுத்துங்கள், வரிசைகளை அளவுப்படி அடுக்குங்கள், ஒப்பிட வேண்டியவற்றைப் பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள், அப்போதுதான் கண் எளிதில் கழித்துப் பார்க்கும் என்றார். நம் இதழ்களில் மாவட்டப் பட்டியல் அகரவரிசையிலோ அரசு வைத்த வரிசையிலோதான் வருகிறது. அரியலூர் முதலில் வருவதற்கு அதன் பெயர் ஒன்றே காரணம். பத்தாண்டில் ஏற்பட்ட மாற்றத்தின் அளவுப்படி அடுக்கினால், மேலே ஏறியவை, நடுவில் நின்றவை, கீழே இறங்கியவை என்று அட்டவணையே ஒரு வாதமாக நிற்கும். சேலத்தையும் கடலூரையும் நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதும் தெரியும்.

எண்கள் குவிந்தே இருக்க வேண்டிய எழுத்தும் உண்டு. நீதிமன்றத்துக்குப் போகும் மனு, உண்மை அறியும் குழுவின் அறிக்கை, ஆய்விதழின் முடிவுப் பகுதி இவற்றில் ஒவ்வோர் எண்ணும் பின்னால் யாரோ ஒருவரால் குறுக்குக் கேள்வி கேட்கப்படும். அங்கே கடைசி இலக்கம் வரை கொடுப்பதே நாணயம். சிறுபத்திரிகைக் கட்டுரையை யாரும் அப்படிப் படிப்பதில்லை. இருந்தும் நாம் அறிக்கையின் நடையைக் கடன் வாங்குகிறோம். தரவு நிறைந்த கட்டுரை என்ற பாராட்டு நமக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. எண்கள் வெளிவரத் தொடங்கியதும் எல்லா இதழ்களிலும் கட்டுரைகள் குவியும். அவற்றை எழுதப்போகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலில் வருவது தற்காலிக எண் என்றால், தற்காலிகம் என்ற சொல்லை அதை ஒட்டியே எழுதுங்கள், அடிக்குறிப்பில் அல்ல. இரண்டாவது, மாவட்டங்கள் இப்போது 38. வேலூர் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. சேலத்தையும் கடலூரையும் பழைய எண்களோடு நேரடியாக ஒப்பிடலாம். வேலூரை ஒப்பிடுவதானால், புதிய எல்லைக்கு ஏற்பத் திருத்திய 2011 எண் கையில் கிடைக்கும் வரை அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள்.